டாக்டரிடம் பேச ஓர் ஒத்திகை

ஒன்பது வருடங்களாக எனக்கும் சேர்த்து என் அண்ணன்தான் பேசிக்கொண்டிருந்தான். வேலப்பன்சாவடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு ஸ்கிசோஃப்ரினியா வந்தது. யாரும் இல்லாத இடத்தில் குரல்கள் கேட்டன, படிப்பு நின்றது. மாத்திரைகளால் குரல்கள் அடங்கின. ஆனால் அதற்குள் நான் பேசும் பழக்கத்தையே விட்டிருந்தேன். வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளறைக்குப் போய்விடுவேன். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போவோம். அவர் என்னைப் பார்த்துக் கேட்பார், அண்ணன் பதில் சொல்வான்.

மண்ணூர்பேட்டையில் ஒரு மாடியில் வாரம் இரண்டு நாள் பேசிப் பழகும் பயிற்சி நடக்கிறது என்று அந்த டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார். மனநல சமூகப் பணியாளர் ஒருவர் நடத்தினார். அவரை மேடம் என்போம். வட்டமாக ஏழு நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை. "குரலைக் குறைக்கிறது மாத்திரையோட வேலை. பேசறது வேற வேலை. சைக்கிள் ஓட்டற மாதிரி, செஞ்சு பார்த்துதான் வரும்" என்று முதல் நாளே சொன்னார்.

முதல் நாள் நான் செய்ததெல்லாம், பக்கத்து நாற்காலிக்காரரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததுதான். அதற்கே மேடம், "இப்போ கண்ணைப் பார்த்தீங்க. நல்லாருந்துச்சு" என்றார். பொய்க்குப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வீடு வரும்வரை அந்த வார்த்தை என்னோடு வந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். ஐம்பது வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே. அவருக்கு என்னைவிடப் பழைய நோய். நான் பேசவே மாட்டேன். அவருக்கு அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வராது. அதைத்தான் அவர் அங்கே பழகிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வகுப்பும் வீட்டுப்பாடத்தில் தொடங்கும், வீட்டுப்பாடத்தில் முடியும். ஒரு தாள் தருவார்கள். யாரிடம் பேசினேன், என்ன சொன்னேன், எப்படிப் போனது என்று எழுதிவர வேண்டும். கடையில் கொத்தமல்லி கேட்டு வாங்குவது என் முதல் வீட்டுப்பாடம். கடைக்காரர் "இன்னா வேணும்மா?" என்று கேட்டதும் திரும்பி நடந்துவிட்டேன். அதையும் அப்படியே எழுதினேன். மேடம் கோபிக்கவில்லை. "கடை வரைக்கும் போனீங்களே. எந்த இடத்துல கஷ்டமாச்சு?" என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் திரும்ப நடிக்கச் சொன்னார். அடுத்த வாரம் கொத்தமல்லி வாங்கிவிட்டேன்.

மூன்றாவது மாதம் மேடம் பலகையில் எழுதினார்: டாக்டரிடம் மருந்தைப் பற்றிக் கேட்பது. அதன் கீழே படிகள். டாக்டரைப் பார்க்க வேண்டும். என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து என்று சொல்ல வேண்டும். என்ன வேண்டுமென்று கேட்க வேண்டும். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். "மாத்திரை ஒத்துக்கலைன்னா நாமளா நிறுத்தக் கூடாது. ஆனா சொல்லாமலும் இருக்கக் கூடாது" என்றார். முதலில் அவரும் உதவிக்கு இருந்த பயிற்சியாளரும் நடித்துக் காட்டினார்கள். பிறகு, யார் வருகிறீர்கள் என்று கேட்டார்.

என் கை உயர்ந்திருந்தது. நானே அப்போதுதான் பார்த்தேன்.

எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தது. காலை மாத்திரை போட்டால் பதினோரு மணிவரை கண்ணைத் திறக்க முடியாது. வகுப்புக்கே தள்ளாடித்தான் வருவேன். மேடம் டாக்டராக உட்கார்ந்தார். படிகளைப் பார்த்துப் பார்த்துச் சொல்லி முடித்தேன். மற்றவர்கள் முதலில் எது நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். பிறகு ஒரே ஒரு திருத்தம்: குரல் இன்னும் கொஞ்சம் சத்தமாக. மறுபடி நடித்தேன்.

"நிஜத்துல அந்த ரூம்ல வேற யார் இருப்பாங்க?" என்று மேடம் கேட்டார்.

"எங்க அண்ணன்."

அண்ணனாக யார் நடிப்பது என்று மேடம் கேட்கும் முன்பே அண்ணாத்தே எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வாயைத் திறந்ததுமே, "ஒரு பிரச்னையும் இல்ல டாக்டர். நல்லா துன்னுது, நல்லா தூங்குது. அதே மாத்திரைய எழுதிக் குடுத்துடுங்க" என்றார். பஸ்ஸில் டிக்கெட் கேட்ட குரல். எல்லோரும் சிரித்தார்கள். அச்சு அசலாக என் அண்ணன். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை காலம் கழித்து என்று தெரியவில்லை, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகுதான் கஷ்டம். அண்ணன் குறுக்கிட்டால் என்ன சொல்வது? நான்கு முறை நடித்தோம். கடைசியில் எனக்கு வாகான வாக்கியம் கிடைத்தது: "அண்ணா, இத நானே சொல்றேன்."

"இதான் உங்க வீட்டுப்பாடம்" என்றார் மேடம்.

டாக்டர் அறைக்குப் போன அன்று வழக்கம்போல் அண்ணனும் கூட வந்தான். வீட்டுப்பாடத் தாளை மடித்துக் கையில் வைத்திருந்தேன். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டே, "எப்படி இருக்கீங்க?" என்றார். மேடம் நடித்தபோது நிமிர்ந்து பார்த்தார், இவர் பார்க்கவில்லை. எனக்கு எல்லாம் மறந்துபோனது.

"நல்லா கீது சார். தொந்தரவு ஒண்ணும் இல்ல" என்றான் அண்ணன்.

"அண்ணா, இத நானே சொல்றேன்."

என் குரல்தான். அறையே என்னைப் பார்த்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அவர் கண்ணைப் பார்த்து, இரண்டு மாதமாகக் காலை மாத்திரைக்குப் பின் தூக்கம் அமுக்குகிறது, அதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். நடுவில் நாக்கு ஒருமுறை தடுமாறியது. அவர் காத்திருந்தார்.

"காலை மாத்திரையையும் ராத்திரி சாப்பிட்டதும் போடற மாத்திரையோடயே சேர்த்துப் போட்டுக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

"ராத்திரி சாப்பிட்டதும் ரெண்டையும் சேர்த்துப் போடணும். காலையில ஒண்ணும் வேண்டாம். ரெண்டு வாரத்துல வரணும்" என்று திருப்பிச் சொன்னேன்.

"கரெக்ட்" என்றார்.

வெளியே வந்ததும் ஓட வேண்டும் போலிருந்தது. அண்ணன் ஆவடி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தான். பாதி குடித்த பிறகு, "நான் பேசிக்கினு கீறது உனக்குப் புடிக்கலையா?" என்றான்.

இதற்கு ஒத்திகை இல்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். "அப்போ எனக்குப் பேச வரல, நீ பேசின. இப்போ வருது. எனக்கு வரலன்னா உன்னைப் பார்க்கறேன், அப்போ சொல்லு."

அவன் தலையாட்டினான். "காலைல தூங்கிக்கினே கீறது மாத்திரையாலன்னு எனக்குத் தெரியாதும்மா. சோம்பேறித்தனம்னு நெனைச்சேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே மத்தாப்பு கொளுத்தியதுபோல் இருந்தது.

அடுத்த வகுப்பில் என் முறை வரும்வரை உட்கார முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணாத்தே வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார். அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. முடித்ததும், "இன்னாம்மா, கடைசில உங்க அண்ணன் இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

இப்போது காலை ஏழு மணிக்கு எழுந்துவிடுகிறேன். எப்போதாவது ஒரு குரல் முணுமுணுக்கத்தான் செய்கிறது. போன வாரம் பலகையில் புதிய தலைப்பு எழுதினார்கள்: வேலைக்கான நேர்காணல். தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம். நடுவில் விட்ட வருடங்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு முறை நடித்துவிட்டேன். மூன்றாவது முறை வியாழக்கிழமை.