எக்ஸ்பிரஸ் டீச்சரின் கடைசி ஐந்து நிமிடம்

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். வகுப்புக்குள் நுழைந்தால் எங்கும் நிற்க மாட்டார். மணி அடித்தாலும் நிற்க மாட்டார். ஏழாம் வகுப்பில் அவருக்கு அடுத்த பாடவேளை எனக்கு. நான் வரலாறு. வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் தாழ்வாரத்தில் தவம் கிடப்பேன். உள்ளே அவர் பலகையைப் பார்த்தபடி கடைசி வரியை எழுதிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் பையை மூடிக்கொண்டிருப்பார்கள்.

"புரிஞ்சுதா?" என்பார்.

"புரிஞ்சுது மிஸ்!" என்று கூரை அதிரும்.

அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவர் மோசம் போனார். தேர்வில் பாதி வகுப்பு கோட்டை விட்டது. தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் வந்து பின்னாடி உக்காந்து பாக்கறேன். சரிப்படலைன்னா இந்த வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து தானே வளர்த்துக் கொண்டுவந்த பிள்ளைகள். ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மனுஷி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"ஏங்க, மணி அடிக்கறப்போ நீங்க சொல்றது யார் காதுல ஏறும்? அஞ்சு நிமிஷம் முன்னாடியே நிறுத்துங்களேன்" என்றேன்.

"நிறுத்தி?"

"இன்னைக்கு என்ன நடந்துதுன்னு திரும்பச் சொல்லுங்க."

மறுநாள் நிறுத்தினார். ஆனால் முழுப் பாடத்தையும் தானே ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, மறுபடி அதே "புரிஞ்சுதா?" எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று மாலை அவரே யோசித்திருக்கிறார். அடுத்த நாள் அவர் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளைப் பேச வைத்தார். ஒருத்தி ஒரு வரி சொன்னாள், இன்னொருத்தன் சேர்த்தான், விட்டதை மூன்றாவது ஆள் பிடித்தான். அப்புறம் ஆளுக்கொரு துண்டுக் காகிதம், ஒரே ஒரு கேள்வி. கடைசியில் நாளைக்கு என்ன பாடம் என்று ஒரு வார்த்தை. மணி அடித்தது, அவர் வெளியே வந்தார். நான் என் கண்ணை நம்பவில்லை.

தலைமையாசிரியை வந்த அன்று பாடம் சதுரத்தின் பரப்பளவு. கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன், எட்டியும் பார்த்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பிள்ளைகள் சுருக்கத்தைப் பிரமாதமாகச் சொன்னார்கள். பக்கத்தைப் பக்கத்தால் பெருக்க வேண்டும், அலகு சதுர சென்டிமீட்டர், எல்லாம் சரி. அப்புறம் கேள்வி: "ஒரு சதுரத்தோட பக்கத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா பரப்பளவு எத்தனை மடங்கு ஆகும்?"

காகிதங்களை வாங்கிப் புரட்டியவரின் முகம் செத்துப்போனது. இரண்டு, இரண்டு, இரண்டு. நான்கு என்று எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அத்தனையும் தலைமையாசிரியையின் கண்ணெதிரே. அவர் பேசாமல் காகிதங்களை மேசைக்குள் போட்டுவிட்டு, 'நாளைக்கு முக்கோணம்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பாடத்திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

"நிறையப் பேர் ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. சரியான்னு இப்போ சொல்ல மாட்டேன்" என்றார். "நாளைக்கு ஆளுக்கு ஒரே அளவுல அஞ்சாறு சதுரக் காகிதம் வெட்டிட்டு வாங்க. அதையெல்லாம் சேர்த்து, பக்கம் ரெண்டு மடங்கு வர்ற மாதிரி ஒரு பெரிய சதுரம் அடுக்குவோம். எத்தனை துண்டு ஆகுதுன்னு நீங்களே பாருங்க. அப்புறம் அதுல ஒன்னை மூலைக்கு மூலை வெட்டினா முக்கோணம் வரும், அங்கேருந்து புதுப் பாடம்."

மணி அடித்தது. தலைமையாசிரியை எழுந்து வந்து காகிதங்களை வாங்கிப் பார்த்தார்.

"இவ்வளவு தப்பா?"

"ஆமாம்மா. போன தடவை இது பரீட்சைக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னைக்கு இன்னைக்கே தெரிஞ்சுடுச்சு."

தலைமையாசிரியை காகிதங்களை இன்னொரு முறை புரட்டினார். "வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். எக்ஸ்பிரஸ் அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்.

உள்ளே போனேன். பிள்ளைகள் "ரெண்டுதான்", "இல்லடா, நாலு" என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். என் மன்னர்களைச் சீந்துவார் இல்லை. வரைபடத்தை மாட்டி, தொண்டை வறளப் போர் நடத்தி முடித்தேன். மணி அடித்தது.

"புரிஞ்சுதா?" என்றேன்.

"புரிஞ்சுது மிஸ்!" என்று கூரை அதிர்ந்தது. எனக்குப் பகீரென்றது.