பதினைந்தே நாளில் ஆங்கிலம்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்த ஒற்றை அறைதான் சுகுமாரின் கம்பெனி. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, வருஷங்கள் கழித்து மறுபடி படிக்க நினைக்கும் பெரியவர்களுக்காக அவன் ஆங்கிலம் கற்றுத்தரும் ஓர் ஆப் செய்திருந்தான். அதற்கு வேண்டியதைத் தமிழில் எழுத ஜெயப்பிரியாவை வேலைக்கு வைத்திருந்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டில் கல்யாணம் ஆகி, படிப்பு நின்று போனவள் அவள். கணவன் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து படுத்துவிட்ட பிறகு, அந்த வீட்டுக்கு வந்து கொண்டிருந்தது அவள் சம்பளம் மட்டும்தான்.

ஆப்பை யாரும் போனில் இறக்கவில்லை. "இந்த மாசமும் இப்டியே கீதுன்னா மூடிட வேண்டியதுதான் அக்கா" என்றான் சுகுமார். "ப்ளே ஸ்டோர்ல நம்ம ஆப்பப் பாக்கறவன் மேல இருக்கற ரெண்டு வரியத்தான் படிப்பான். அதப் பலமா எழுதுங்க."

அந்தச் சின்ன விளக்கத்துக்கு எண்பது எழுத்துதான் இடம். தமிழில் புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியாகக் கணக்காகிவிடும். எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் எழுதினாள்: 'பதினைந்தே நாளில் ஆங்கிலம்! படிப்பை விட்டவரும் வேலைக்கு ரெடி.' எழுதும்போதே அது பொய்யென்று தெரியும். வீட்டில் படுத்திருப்பவனை நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

ஆட்கள் இறக்க ஆரம்பித்தார்கள். சுகுமார் பிரியாணி வாங்கித் தந்தான்.

ஆப்புக்கு வரும் விமர்சனங்களுக்குப் பதில் போடுவதும் அவள் வேலை. ஒருநாள் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒன்று வந்தது. 'பதினைந்து நாள் முடிந்தது. இண்டர்வியூவில் வாய் வரவில்லை.' மேலே செங்கேணி என்று பெயர். ஜெயப்பிரியா அந்தப் பெயரை மறுபடி படித்தாள். அவள் தெருக்கோடியில் இருக்கும் செங்கேணி அக்கா காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். சில நாட்களாகப் பஸ் நிறுத்தத்தில் அவளைக் காணவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தாள். செங்கேணி தலைகூட வாராமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வேலைக்குப் போவலியாக்கா?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது? ரிசப்ஷன்ல ஆள் கேட்டாங்க. இங்கிலீசு கத்துக்கினேன்னு நானே மேனேஜர்கிட்ட சொன்னேன். எல்லார் எதிர்லயும் உக்கார வெச்சி, உன்னப் பத்தி சொல்லுன்னு இங்கிலீசுல கேட்டாரு. பேரு வந்துச்சி. அதுக்கு மேல ஒண்ணும் வரல. நர்சுப் பொண்ணுங்க சிரிச்சாங்க. மறுநாள்ல இருந்து போவல."

"மெதுவாத்தாங்க்கா வரும்..."

"எல்லாருக்கும் பதினஞ்சு நாள்ல வருதாமே. அதுல போட்டிருக்கு. என் மண்டைலதான் ஏறல. எட்டாவதுல நின்னவதானே நானு." அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

ஜெயப்பிரியாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அக்கா, அத எழுதுனது நாந்தான். பதினஞ்சு நாள்ல யாருக்கும் வராது. உன் மண்டைல ஒரு குறையும் இல்ல."

செங்கேணி எழுந்து நின்றாள். "தெரிஞ்சேதான் எழுதுனியா?"

"ஆமா."

"வூட்டுக்குப் போ ஜெயா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஜெயப்பிரியா விளக்கத்தைப் புதிதாக எழுதி எடுத்துப் போனாள். 'பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு ஆங்கிலம். தினமும் கொஞ்சம், மெதுவாக.' கீழே விரிவான பகுதியில், மறந்து போகும், மறந்தால் அதே பாடத்துக்குத் திரும்பி வரலாம், வேலை கிடைக்கும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது என்றெல்லாம் இருந்தது.

"இப்டி எழுதுனா எவன் இறக்குவான்?" என்று கத்தினான் சுகுமார். "உங்களுக்கும் சேத்துதான் அக்கா சோறு போடுது இது."

"இறக்குனவங்க இன்னா பண்றாங்கன்னு பாத்தீங்களா சார்?"

அவன் கணினியில் அந்தக் கணக்கு இருக்கும் பக்கத்தைத் திறந்தான். இறக்கியவர்களில் பெரும்பாலானோர் ஆப்பை அழித்திருந்தார்கள். ஆப்பை வைத்திருப்பவர்களைக் காட்டும் கோடு கீழே விழுந்துகொண்டே போனது. அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ரெண்டு பக்கமும் சாவுதான். போடுங்க" என்றான்.

கூகுளின் பரிசீலனை முடிந்து புது வரிகள் ஏறின. இறக்குகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். வந்தவர்களில் சிலர் தங்கினார்கள். கம்பெனியைக் காப்பாற்ற அது போதவில்லை. மாடி அறையைக் காலி செய்துவிட்டு சுகுமார் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். ஜெயப்பிரியா ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கப் போனாள். முன்னைவிடக் குறைந்த சம்பளம்.

செங்கேணி ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. நடவுக்கும் களையெடுக்கவும் போகிறாள். ஒருநாள் பஸ்ஸில் ஜெயப்பிரியா பக்கத்தில் இடம் இருந்தும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். இறங்கும்போது மட்டும், "புதுசா எழுதுனதப் படிச்சேன். இத மொதல்லயே எழுதியிருந்தா நான் ஆஸ்பத்திரி வேலைலயே இருந்திருப்பேன்" என்றாள்.