முந்நூற்று இருபதாம் பக்கம்

பின் அட்டைக்குப் பன்னிரண்டு வரி எழுதுவது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. முந்நூற்று இருபது பக்கம் எழுதியவர் ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு வரிக்கு நான் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன் என்று ஆளாளுக்கு என் மேஜை முன்னால் வந்து நின்று உச்சுக் கொட்டினார்கள்.

பெங்களூரில் ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில் எங்கள் அச்சகம் இருந்தது. முன் அறையில் முதலாளியும் நானும். பின் அறையில் அச்சு யந்திரமும், எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரும். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டை என்று அச்சடித்துக்கொண்டிருந்த இடத்தில் முதலாளிக்குத் திடீரென்று இலக்கிய ஆசை பிடித்துக்கொண்டது. நான் புரூப் திருத்தப் போனவள். நாவல் போடத் தொடங்கியதும் பின் அட்டை வாசகமும் என் தலையில் விழுந்தது.

எழுத்தாளர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மல்லேஸ்வரத்தில் இருந்தார். மைசூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். புனைபெயரில் எழுதினார். நாவலில் ஒரு தம்பதி. அந்த அம்மாள் கல்யாணமாகி வரும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டு வருகிறாள். நாற்பது வருஷம், ஏழு வாடகை வீடு. எங்கே போனாலும் பெட்டி கூடவே போகிறது. பூட்டியே இருக்கிறது. கணவர் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இவ்வளவுதான் கதை. நடுவில் காபிக்கொட்டை வறுப்பதற்கே பதினொரு பக்கம். ஆனால் படித்தால் கீழே வைக்க முடியாது, அதுதான் விசித்திரம்.

முதலாளி முதலில் தானே ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார். 'கண்ணீர்க் கடல்! காதல் புயல்! பக்கத்துக்குப் பக்கம் திடுக்கிடும் திருப்பம்!'

"இதுல திருப்பம் எங்க சார் இருக்கு?" என்றேன்.

"ஏம்மா, அஞ்சாவது வீட்டுல இருந்து ஆறாவது வீட்டுக்கு மாட்டு வண்டி திரும்புது இல்ல?"

கிழித்துப் போட்டுவிட்டு நான் எழுதினேன். என் முதல் வாசகத்தில் கதை முழுவதும் இருந்தது, முடிவு உட்பட. படித்த எழுத்தாளர் கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டார். இரண்டாவதில் ஒன்றுமே சொல்லவில்லை. 'வாழ்க்கையைப் பற்றிய நாவல்' என்று முடித்திருந்தேன். அவர் மிகவும் மரியாதையாக, "பஞ்சாங்கத்துக்குக்கூட இது பொருந்தும்மா" என்றார். எனக்குச் சுரீரென்று வந்தது. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் கேள்வியாக்கினேன். அவள் யார்? பெட்டியில் என்ன? அவர் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால்? கேட்காவிட்டால்? இப்படிப் பத்தொன்பது கேள்வி.

கம்பாசிட்டர் கையில் காகிதத்தோடு பின் அறையிலிருந்து வந்தார்.

"யம்மா, அட்டைக்குப் போடுற பெரிய எழுத்துல கேள்விக்குறி மொத்தமே எட்டுதான் கீது. மீதிப் பதினொண்ணுக்கு நான் இன்னா பண்றது? உங்க காதுக் கம்மலைக் கழட்டி வைக்கவா?"

அந்த வாசகமும் போயிற்று. முதலாளி சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திங்கக்கிழமை அட்டை மிஷின்ல ஏறணும். அதுக்குள்ள வரலன்னா நான் எழுதினதுதான் போகும். கண்ணீர்க் கடல், காதல் புயல்."

எழுத்தாளரிடம் நேராகவே கேட்டேன். "உங்களுக்கு என்னதான் சார் வேணும்?"

அவர் முதலாளி வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகுதான் சொன்னார். அவர் மனைவிக்கு ஒரு பழக்கம். வாடகைப் புத்தகக்காரர் சைக்கிளில் கொண்டுவரும் நாவலை வாங்கியதும் முதலில் பின் அட்டையைப் படிப்பாள். உடனே கடைசிப் பக்கம். முடிவு பிடிக்காவிட்டால் அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிடித்தாலும் அதோடு சரி, தெரிந்த கதைக்கு முந்நூறு பக்கம் எதற்கு என்பாள்.

"பெட்டி எங்க வீட்டுப் பெட்டிதான்" என்றார். "நாப்பது வருஷமா கேக்கணும் கேக்கணும்னு இருந்து கேக்காமலே விட்டுட்டேன். கேக்கத்தான் இதை எழுதினேன். அவ முதல் பக்கத்துல இருந்து படிக்கணும். கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சா, 'இந்த மனுஷன் என்னை வேவு பார்த்திருக்கான்'னு தோணும். அதோட போச்சு. நான் எழுதறதே அவளுக்குத் தெரியாது. பென்ஷன் மனு எழுதறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஒன்பது வருஷமாவா?"

"சர்க்கார் விஷயம் லேட்டாகும்னு அவளுக்குத் தெரியும்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயிரம் பேர் வாங்குவதற்கு எழுதுவது ஒரு மாதிரி. ஒரே ஒருத்தியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புவது வேறு மாதிரி. அன்று இரண்டு பென்சிலைக் கடித்துத் தீர்த்தேன்.

இதற்கு நடுவில்தான் கடலை விவகாரம் வந்தது. எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம். மை தோய்ந்தோ கோணலாக விழுந்தோ வீணான தாள்களைச் சந்து முனையில் வண்டி போட்டிருந்த கடலைக்காரருக்குக் கொடுத்துவிடுவோம். அவர் பதிலுக்குச் சாயங்காலம் கம்பாசிட்டருக்குக் கடலை கொடுப்பார். கார்த்திகை மாதம், ஊரெல்லாம் புதுக் கடலை. நாவலின் கடைசிப் பாரத்தை, அதாவது கடைசிப் பதினாறு பக்கத்தை, அச்சேற்றிய அன்று ஒரு கட்டுத் தாள் வீணாயிற்று. கம்பாசிட்டர் வழக்கம்போல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மறுநாள் எழுத்தாளர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் கடலைப் பொட்டலம். பொட்டலத்தில் அவருடைய நாவல்.

"முடிவை வறுத்து விக்கறாங்கம்மா" என்றார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். கடலை மேஜையெல்லாம் உருண்டது. பக்கம் முந்நூற்றுப் பத்தொன்பது. மறுபுறம் வெறும் வெள்ளை. அந்த அம்மாள் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து சாவியை எடுக்கிறாள், பெட்டி முன்னால் உட்காருகிறாள், 'மூடியைத் தூக்கினாள். உள்ளே' என்பதோடு பக்கம் தீர்ந்துவிடுகிறது.

கம்பாசிட்டர் கடலையைப் பொறுக்கிக்கொண்டே, "பயப்படாதீங்க சார்" என்றார். "ஒரு தாளுக்கு ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டுன்னு பதினாறு பக்கம் அடிக்கிறோம். முந்நூத்திப் பதினெட்டும் பத்தொம்பதும் ஒரே பக்கம் வரும். இருவது பின்பக்கம். பின்பக்கம் அடிக்கிறதுக்கு முன்னாடியே வீணாப் போன தாளு இது. இருவது வெளிய போகவே இல்ல."

எழுத்தாளர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

ஆனால் பத்தொன்பது போய்விட்டதே. அதன் பலன் இரண்டு நாளில் தெரிந்தது. பொட்டலம் வாங்கியவர்கள் எல்லாம் இன்னொரு பொட்டலம் வாங்கினார்கள். தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூன்றாவது கேட்டார்கள். கடலைக்காரர் எங்களிடமே வந்து, "அந்த அடுத்த தாளு இருந்தா குடுங்க சாமி, கடலையை எவனும் திங்கறதில்ல, தாளைத்தான் பாக்கறான்" என்று முறையிட்டார். மில் தொழிலாளி ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, பெட்டியில் இருந்தது நகையா, பாம்பா என்று மட்டும் சொல்லச் சொன்னார். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு அம்மாள் வந்தாள். நரைத்த தலை, கட்டைக் குரல், கையில் காய்கறிப் பை. பையிலிருந்து கசங்கிய முந்நூற்றுப் பத்தொன்பதை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு அடுத்த பக்கம் ஒண்ணு குடும்மா. ஒண்ணே ஒண்ணு."

"அது முடிவுங்க. தர முடியாது."

"முடிவுதான் எனக்கு வேணும். சும்மா குடு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "முடிவை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? அதுல ஒண்ணும் புரியாது" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை மறுபடி பார்த்தாள். "அதுவும் சரிதான். பெட்டிக்குள்ள என்ன இருந்தா எனக்கென்ன. இந்தச் சாவி இருக்கே, இதை அரிசி டப்பாவுக்குள்ள யாரு வெச்சது? அவளா வெச்சாளா, அவன் கண்டுபிடிச்சு மறுபடி அங்கயே வெச்சானா? அதுதான் ராத்திரியெல்லாம் குடையுது. அது எந்தப் பக்கத்துல வருது?"

"முதல் பக்கத்துல" என்றேன். உண்மையும் அதுதான்.

"அடடே" என்றாள். எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "சரி, வரேன்மா. எங்க வீட்டுக்காரர் பென்ஷன் மனு எழுதிட்டிருப்பார். நேரத்துக்குக் காபி தரலன்னா பேனாவை மூடி வெச்சிடுவார்."

அவள் சந்து திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு காகிதத்தை இழுத்தேன். பன்னிரண்டு வரிக்கு இடம் இருந்தது. மூன்றே வரி எழுதினேன்.

'நாற்பது வருஷம், ஏழு வீடு, ஒரு பூட்டிய பெட்டி. சாவி முதல் பக்கத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்கள் பூட்டை மட்டும்தான் பார்ப்பார்கள்.'

முதலாளி, மீதி இடத்தில் ஒரு கண்ணீர்த் துளியாவது போடலாமே என்றார். கம்பாசிட்டர் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லாததைப் பார்த்து என்னைக் கும்பிட்டார். எழுத்தாளர் மூன்று தடவை படித்துவிட்டுக் காகிதத்தைத் தானே கொண்டுபோய்க் கம்பாசிட்டரிடம் கொடுத்தார். அவர் மனைவி வந்துவிட்டுப் போனதை நான் அவரிடம் சொல்லவில்லை.

புத்தகம் வெளிவந்ததும், வாடகைப் புத்தகக்காரரின் பையில் தானே ஒரு பிரதியைச் சொருகி வைத்ததாகப் பிறகு சொன்னார். அவள் பின் அட்டையைப் படித்தாளாம். வழக்கப்படி கடைசிப் பக்கத்துக்கு விரல் போனதாம். அங்கேயே நின்றதாம். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினாளாம். நான்கு நாள் வீட்டில் மோர்ச்சாதம்தான். இவர் பென்ஷன் மனுவையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், பேனாவில் மை இல்லாமல்.

ஐந்தாம் நாள் காலையில் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"முப்பதாம் பக்கத்துலயே என்னைக் கண்டுபிடிச்சுட்டாளாம்" என்றார். "கோவம் வந்துதாம். ஆனா நிறுத்த முடியலையாம். கடைசிவரைக்கும் படிச்சுட்டுப் புத்தகத்தை என் முன்னால வெச்சா. 'கடைசிப் பக்கம் தப்பு'ன்னா."

"தப்பா?"

"பெட்டியில இருக்கறது அது இல்லையாம்."

முதலாளி, கம்பாசிட்டர், நான், மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம். பின் அறையில் யந்திரம்கூட நின்றுவிட்டது.

"அப்ப என்னதான் சார் கீது?" என்றார் கம்பாசிட்டர்.

"சொல்லமாட்டேங்கறா. 'இன்னொரு புத்தகம் எழுதுங்க, சரியா வருதான்னு பார்க்கறேன்'ங்கறா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே சிரித்தார். "நாப்பது வருஷத்துல அந்தப் பெட்டியைப் பத்தி அவ எங்கிட்ட பேசினது இதுதாம்மா முதல் தடவை."

பிறகு முதலாளியிடம் இரண்டு குயர் வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார், பென்ஷன் மனு எழுத.