ஜோசப் எழுதாமல் விட்ட அறுபது மார்க்

ஜோசப் அண்ணன் தொட்ட காரியத்தைப் பாதியில் விட்டு எழுந்ததில்லை. எங்கள் தெருவில் வளர்ந்த நான் இதைப் பல வருஷங்களாகப் பார்த்திருக்கிறேன். டீ குடிக்கும்போது ரயில் வந்துவிட்டால் டீ முடியும், ரயில் போகும். ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினார். நடுவில் பாதிரியார் வந்து நின்றார். கீழே இறங்காமல் ஏணி மேலிருந்தே "ஸ்தோத்திரம் ஐயா" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சுவரையும் அடித்து முடித்த பிறகுதான் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதற்குள் பாதிரியார் போய்விட்டிருந்தார்.

பொன்னேரிப் பக்கம் எங்கள் அப்பாக்கள் இருவரும் ஒரே பண்ணையாரின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஜோசப் அண்ணன் அந்நாளில் எஸ்.எஸ்.எல்.சி.யாக இருந்த பதினோராம் வகுப்புவரை படித்து, கணக்கில் தவறி, கும்மிடிப்பூண்டியில் இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் சேர்ந்தார். நான் பி.எஸ்ஸி. முடித்து, எங்கள் தெருவின் முதல் பட்டதாரியாகி, எந்த வேலையும் கிடைக்காமல் இருந்தேன். அவருக்கு வேலை இருந்தது, எனக்குப் பட்டம் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று தெருவில் எப்போதாவது பேச்சு வரும். அப்போதெல்லாம் என் அப்பா ஏதாவது ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. உலையின் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் புரை விழுகிறது, இனி நெருப்புப் பக்கம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மில்லில் நெருப்பு இல்லாத இடம் ஒன்று உண்டு, ஸ்டோர். அங்கே ஒரு குமாஸ்தா அடுத்த வருஷம் ஓய்வு பெறவிருந்தார். ஆனால் அந்த நாற்காலிக்கு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் வேண்டும். மூட்டை தூக்குவதற்கும் போல்ட் எண்ணுவதற்கும் கணக்குத் தேற்றம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. விதி என்றால் விதி. மார்ச்சில் கணக்குப் பாஸ் செய்தால் கண் பிழைக்கும். இல்லாவிட்டால் உலைதான். ஏற்கெனவே மூன்று முறை எழுதித் தவறியிருந்தார்.

இப்படித்தான் அவர், தவறியவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்ய மணவாளன் என்பவர் நடத்திய டுடோரியலுக்கு வந்து சேர்ந்தார். சைக்கிள் கடைக்கு மேல் மாடி, இரண்டு அறைகள். 'நூற்றுக்கு நூறு வெற்றி' என்று போர்டு. பாஸ் செய்தவர்கள் மட்டுமே டுடோரியலின் மாணவர்கள், தவறியவர்கள் பாதியில் நின்றவர்கள் என்று மணவாளன் கணக்கு வைத்திருந்தார். அந்த முறையில் எந்த வருஷமும் வெற்றி குறைந்ததில்லை. அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நான் போயிருந்தேன். மாடிப்படி வரைக்கும் ஜோசப் என்னைத் "தம்பி" என்பார். வாசலைத் தாண்டியதும் "சார்".

கல்லூரியில் எங்கள் வேதியியல் விரிவுரையாளர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். திருத்திய விடைத்தாளைத் தரும்போது மேலே ஒரு தாளைச் சுற்றிக் கொடுப்பார். அதில் மூன்று கேள்விகள். இந்தப் பரீட்சைக்கு எப்படிப் படித்தாய்? இழந்த மார்க் எந்தெந்த வகைத் தவறால் போனது? அடுத்த பரீட்சைக்குள் எதை மாற்றப்போகிறாய்? எழுதியதை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பரீட்சைக்குச் சில நாள் முன்னால் எங்களிடமே திருப்பிக் கொடுப்பார். அதையே நானும் செய்தேன். கவனக்குறைவு, கேள்வியைத் தப்பாகப் படித்தது, பாடம் புரியாதது என்று தவறுக்கு மூன்று கட்டங்கள் போட்டேன்.

முதல் சோதனையில் ஜோசப்புக்கு இருபத்திரண்டு. மேல்தாள்களை வாங்கிப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. வகுப்பில் இருந்த அத்தனை பேரும் எல்லா மார்க்கையும் கவனக்குறைவுக் கட்டத்திலேயே போட்டிருந்தார்கள். 'புரியாதது' கட்டம் புதுச் சட்டைபோல் கசங்காமல் இருந்தது. பன்னிரண்டு மார்க் வாங்கிய சின்னராசு, "கொஞ்சம் உன்னிப்பா இருந்திருந்தா நூறு சார்" என்றான். கும்மிடிப்பூண்டியில் இவ்வளவு மேதைகள் கவனமில்லாமல் திரிகிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மணவாளனுக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதம் சார்! கவனக்குறைவுன்னா நம்மகிட்ட மருந்து இருக்கு. புரியலேன்னு எழுதினா ஃபீஸைத் திருப்பிக் கேப்பான்" என்று சொல்லித் தாள்கள் முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் பார்த்தால், மாடிப்படிச் சுவர் நெடுக மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தது. மேலே சிவப்பு மையில் 'எங்கள் மாணவர்களின் ஒரே குறை கவனக்குறைவு!'

சுவரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வகுப்பில் புதிதாக மேல்தாள் கொடுத்துச் சொன்னேன்: "கவனக்குறைவுன்னு எழுதின கணக்கை இப்போ புத்தகம் பாக்காம மறுபடி போடுங்க. வந்தா அது கவனக்குறைவு. வரலேன்னா புரியலைன்னு அர்த்தம்."

ஜோசப்தான் எழுந்தார்.

"இன்னா சார், எங்க பேச்சுல நம்பிக்கை இல்லியா?"

"பேச்சுல இருக்குண்ணே. கணக்குலதான் பாக்கணும்."

சின்னராசு பின்னாலிருந்து, "ஒக்காருண்ணே, நீ ஒயுங்கா போட்டா நாங்களும் மாட்டிக்குவோம்" என்றான்.

கோபத்தோடுதான் போட்டார். அவர் தப்பாக எழுதியது பதினெட்டு மார்க். ஆறு மார்க் உடனே சரியாக வந்தது. அது நிஜமான கவனக்குறைவு. இரண்டு மார்க், கேள்வியைச் சரியாகப் படிக்காததால் போனது. மிச்சம் பத்து, பிதகோரஸ் தேற்றம். வினாத்தாளில் முக்கோணத்துக்கு P, Q, R என்று பெயர் கொடுத்திருந்தார்கள். அவர் மனப்பாடம் செய்திருந்தபடி A, B, C என்றே எழுதியிருந்தார். "எழுத்து மாறிப்போச்சி, அவ்ளோதான்" என்றார். நான் X, Y, Z என்று போட்டுக் கொடுத்தேன். அதிலும் A, B, C என்றே எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, ஆறைக் கவனக்குறைவில் விட்டு, இரண்டை நடுக் கட்டத்திலும் பத்தைப் புரியாத கட்டத்திலும் எழுதினார். அந்த வகுப்பில் அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் மை அதுதான்.

"சரிண்ணே, மிச்ச அறுபது எங்கே?"

"இன்னா அறுபது?"

"வாங்கினது இருபத்திரெண்டு, தப்பு பதினெட்டு. நாப்பதுதானே ஆச்சு?"

"மிச்சத்த நான் எய்தவே இல்லியே சார். எய்தாததுல இன்னா தப்பு?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அது அவர்களுக்கு நியாயமாகவே பட்டது. உண்மையில் என் தாளிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. நான் கல்லூரியில் பார்த்த தாளை அப்படியே இறக்கி வைத்திருந்தேன். எழுதாமல் விடுகிறவர்களை அந்தத் தாள் சந்தித்திருக்கவில்லை. எனவே நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன்.

விடைத்தாளைப் புரட்டினால் காரணம் தெரிந்தது. ஆற்றில் படகு போகும் கணக்கு ஒன்றே மூன்று பக்கம். அடித்து, திருத்தி, மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

"இத விட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாமேண்ணே?"

"விடறதா?" என்று சிரித்தார். "உருளையில ஏறின செவந்த கம்பிய இடுக்கியில புடிச்சிக்கினு, போதும் அடுத்ததுக்குப் போறேன்னு உட்டுட முடியுமா? உட்டா மில்லு சிக்கிக்கும், எதிர்ல நிக்கிறவன் காலு போயிடும். அதுவும் இல்லாம, அந்தக் கணக்கு சரியாத்தானே வந்திச்சி!"

வந்தது. அந்தப் பத்து மார்க்குக்காக அறுபது மார்க் போயிருந்தது. பன்னிரண்டு வருஷம் மில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் தப்பில்லாமல் பரீட்சையில் எழுதியிருந்தார்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது எதை மாற்றப்போகிறாய் என்பதற்கு, முன்பு 'கவனமாக இருப்பேன்' என்று எழுதியிருந்தார். அப்படி எழுதக் கூடாது, செய்கிற காரியமாக எழுத வேண்டும் என்றேன். யோசித்து எழுதினார்: 'முதலில் தெரிந்த கணக்கு. ஒரு கணக்குக்குப் பதினைந்து நிமிஷம், முடியாவிட்டால் இடம் விட்டு அடுத்தது. வீட்டில் தினம் இப்படிப் பழகுவேன்.' தேற்றத்தைப் பற்றிக் கேட்டேன். இருக்கிற நாளில் அது ஏறாது, வேறு கேள்வியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. "அப்படீன்னா பாஸ் ஆனதும் அத புரிஞ்சிக்கினு உங்ககிட்ட வந்து போட்டுக் காட்டறேன், சத்தியமா" என்று அதையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் பழகியதுதான் பெரிய கூத்து. அவர் மனைவி சின்னப்பொண்ணு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கையில் கரண்டியும் எவர்சில்வர் தட்டுமாக உட்கார்ந்திருப்பார். நேரம் ஆனதும் டங்கென்று ஒரு அடி.

"போதும், அடுத்ததுக்குப் போ."

"இரு, இன்னும் ரெண்டே வரி."

"கண்ணு போனப்புறம் எய்துவியா அந்த ரெண்டு வரிய? போய்யா அடுத்ததுக்கு!"

சத்தம் கேட்டுச் சாப்பாட்டு வேளை என்று நினைத்துத் தெரு நாய்கள் எல்லாம் வந்து நிற்கும். பேஜாராகப் போச்சு என்று அக்கம்பக்கத்தார் என்னிடம் புகார் சொன்னார்கள். பட்டப்படிப்பு படித்தவன் சொல்லிக்கொடுத்த கணக்கு இதுதானா என்று அப்பா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

இரண்டாவது சோதனைக்கு முன்னால் முதல் மேல்தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மணவாளனிடம் கேட்டேன். "சுவர்ல இருக்கே, போய்ப் பாக்கச் சொல்லுங்க. உரிச்சா சுண்ணாம்பும் சேந்து வந்துடும்" என்றார். ஆகவே திருத்தி எழுதியதையும் ஆணி அடித்துப் பழையதன் மேல் மாட்டினோம். சோதனைக்கு இரண்டு நாள் முன்பு வகுப்பு முழுவதும் படிக்கட்டில் நின்று தத்தம் தவறுகளைப் படித்தது. கீழே சைக்கிள் கடைக்கு வந்தவர்களும் படித்தார்கள். "யோவ் சின்னராசு, உனக்குப் பின்னம் புரியாதாமே!" என்று பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர் கேட்டதிலிருந்து சின்னராசு பின்னத்தை ஒரே மூச்சாகப் படித்தான். டுடோரியல் வரலாற்றில் விளம்பரத்தால் படிப்பு நடந்தது அப்போதுதான்.

அந்தச் சோதனையில் ஜோசப்புக்கு முப்பத்து மூன்று. எழுதாமல் விட்டது முப்பதாகக் குறைந்திருந்தது. மறுபடியும் மேல்தாள், மறுபடியும் தட்டு.

மார்ச் பரீட்சை முடிந்து வந்தவர் முகம் செத்திருந்தது. "ஒரு கணக்கப் பாதில உட்டுட்டு வந்தேன் தம்பி. முடிவு பக்கத்துலதான் இருந்திச்சி. எதிர்ல எவனோ நிக்கிறான், அவன் மேல கம்பி பாயப்போவுதுன்னே தோணிச்சி. உட்டுட்டேன்." துக்க வீட்டில் பேசுவதுபோலப் பேசினார்.

நாற்பத்தொன்று வந்தது. ஜூலையில் ஸ்டோர் நாற்காலி அவருக்குக் கிடைத்தது. மணவாளன் அவர் படத்தைப் போர்டில் போட்டு, 'கவனக்குறைவை வென்றவர்' என்று எழுதினார். டாக்டர் கண் மேற்கொண்டு கெடவில்லை என்றார். சின்னப்பொண்ணு அக்கா எனக்கு மீன் குழம்பு அனுப்பினார்.

ஆகஸ்டில் நான் ஸ்டோருக்குப் போனேன். விசிறிக்கு அடியில், நட்டு போல்ட் அடுக்குகளுக்கு நடுவே, கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். தேற்றத்தை ஞாபகப்படுத்தினேன்.

"ஸ்டாக் எடுக்கறாங்க தம்பி. பொங்கல் கழிச்சி வரேன்."

பொங்கல் கழிந்தது. ஈஸ்டர் கழிந்தது. அடுத்த முறை கேட்டபோது, "அது இல்லாமலேதான் பாஸாயிட்டேனே, இன்னும் எதுக்கு?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். நெருப்பிலிருந்து அவர் வெளியே வர வேண்டியிருந்தது, வந்துவிட்டார். அதற்குக் கர்ணமும் செங்கோணமும் துளிகூட உதவவில்லை. ஆனாலும் வாரத்துக்கொரு தடவை நான் கேட்பதை விடவில்லை. "வரேன் தம்பி, வரேன்" என்று சொல்வதை அவரும் விடவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. X, Y, Z இன்னும் போட்டுக் காட்டப்படவில்லை.