துவைப்பதற்கு முன் நாற்பது

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு வெல்டிங் லைன். கான்ட்ராக்ட் ஆள். அந்த லைனில் ஆறு மாதம் விடாமல் நின்றால் பெர்மனென்ட். நடுவில் வேறு பிரிவுக்கு மாற்றினால் கணக்கு முதலிலிருந்து. எனக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அப்போதுதான் யூனிஃபார்மை மாற்றினார்கள். பழைய சட்டையில் பாலியஸ்டர் கலந்திருந்தது. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். இனி முழுக் காட்டன் என்றார்கள். நல்ல விஷயம்.

அளவு எடுக்க கேன்டீனில் மாதிரிச் சட்டைகள் வைத்தார்கள். எல்லோரும் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். எனக்கு நாற்பது கச்சிதம். துணி மெத்தென்று இருந்தது. வேறு கம்பெனிகளில் காட்டிக் காட்டி, துவைத்துத் துவைத்து அப்படி ஆன சட்டைகள் அவை. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருந்தது. அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

புதுச் சட்டை வந்தது. கஞ்சி போட்டு அட்டை மாதிரி இருந்தது. நாற்பதைப் போட்டால் கை விரல் வரை வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் மண்ணூர்க்காரன் சிரித்தான்.

"இன்னா மச்சான், உங்க மாமனார் சட்டையா?"

ஹெச்.ஆர். சார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். லூசாக இருந்தால் மாற்றித் தருவார்.

"இன்னிக்கு மட்டும்தான் எக்ஸ்சேஞ்ச். துவைச்சுட்டு வந்தா எடுத்துக்க மாட்டோம்."

"துவைச்சு சுருங்கிட்டா, சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சுருங்கினா சொல்லுங்க, பாப்போம்."

"துவைச்சா எடுத்துக்க மாட்டேன்னீங்களே."

"ஆமா. அதான் ரூல்."

எல்லோரும் ஒரு சைஸ் குறைத்து வாங்கினோம். நான் முப்பத்தெட்டு. மண்ணூர்க்காரன் கடைசியில் போனான். சின்ன சைஸ் தீர்ந்துவிட்டது. பெரிய சட்டையோடு திட்டிக்கொண்டே வந்தான்.

வீட்டில் கஞ்சி போகட்டும் என்று மனைவி வெந்நீரில் ஊறவைத்தாள். மொட்டை மாடியில் உச்சி வெயிலில் காயப்போட்டாள். மாலையில் போட்டுப் பார்த்தேன். அகலம் கொஞ்சம் குறைந்திருந்தது. நீளம் நிறைய. மணிக்கட்டு முழுதாக வெளியே தெரிந்தது.

"துணி சின்னதா பூட்ச்சா, நீ பெருசா பூட்டியா?" என்றாள் மனைவி.

"ரெண்டும்" என்றேன்.

மறுநாள் லைன் வாசலில் சேஃப்டி சார் நின்றார். மணிக்கட்டு தெரிந்தால் உள்ளே விட மாட்டார். தப்பில்லை, பொறி அங்கேதான் விழும். லைன் ஆட்களை எல்லாம் பேக்கிங்குக்கு அனுப்பினார். லைன் நின்றுபோனது. மண்ணூர்க்காரன் மட்டும் உள்ளே போனான். அவன் சட்டை அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"மாமனார் சட்டை எப்டி கீது?" என்று கேட்டேன்.

"நல்லா கீது மச்சான். உனக்கு உன் மச்சினன் சட்டை."

என் ஐந்து மாதம் போயிற்று. பேக்கிங்கில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினேன்.

மேலே மீட்டிங் போட்டார்கள். காட்டன் சுருங்கும் என்று முடிவு செய்தார்கள். மறு ஆர்டரில் எல்லோரும் இரண்டு சைஸ் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சொன்னோம். துணி சப்ளை செய்தவரும் திட்டு வாங்கியிருந்தார். அவர் பங்குக்கு இந்தத் தடவை துணியை முதலிலேயே துவைத்துச் சுருக்கித் தைத்து அனுப்பினார். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

வந்ததைத் துவைத்தோம். ஒரு விரல்கூடச் சுருங்கவில்லை. லைன் வாசலில் கூடாரம் கூடாரமாக நின்றோம். தொங்கும் கை மெஷினில் மாட்டும் என்று சேஃப்டி சார் திருப்பி அனுப்பினார். அதுவும் தப்பில்லை.

பெரிய சட்டையில் ஒரு வசதி. பிடித்துத் தைக்கலாம். குட்டைச் சட்டையை யாராலும் இழுக்க முடியாது. கூட்டு ரோட்டில் தையல் கடை வைத்திருந்த அக்கா கையைக் குறைத்து, பக்கத்தைப் பிடித்துக் கொடுத்தார்.

"உங்க கம்பெனி நல்லா இருக்கணும்பா" என்றார். கடையில் எங்கள் சட்டை மலையாகக் கிடந்தது.

லைனுக்குத் திரும்பினேன். மறுபடி முதல் மாதம். இந்த முறை ஆறும் முடிந்தது.

பெர்மனென்ட்டுக்கு வேறு பேன்ட். காட்டன்தான், ஆனால் இழுத்தால் நீளும் துணி. இடுப்பில் பிடித்தது. ஹெச்.ஆர். சார் அக்கறையாகச் சொன்னார்.

"ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க. பழசு ஞாபகம் இருக்குல்ல?"

"துவைச்ச துணியா, சார்?"

"துவைச்சுதான் தைச்சிருக்காங்களாம். கேட்டுட்டேன்."

இரண்டு முறை குந்தி எழுந்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இடுப்பு தளர்ந்து கொடுத்தது. பெரியதை எடுத்தால் ஷிஃப்ட் முடிவதற்குள் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"இதுவே போதும், சார்."

"டைட்டா இருக்கேப்பா."

"இருக்கட்டும், சார்."

பெல்ட் வாங்கவில்லை. பேன்ட் இன்றுவரை இடுப்பில் நிற்கிறது. நானும் லைனில் நிற்கிறேன்.