சார்ஜருக்குள் இருந்த கீச்சொலி

பார்வையற்ற பிள்ளைகளுக்காகத் தரம் ஆறு வரலாற்றுப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். அக்கராயனில் எங்கள் வீட்டு அறையில் மைக்கையும், அதை லாப்டாப்போடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டியையும் வைத்து இரண்டு பாடங்களை முடித்து அனுப்பினேன். அதற்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியை எனக்குப் போன் எடுத்தார்.

"பின்னால நுளம்பு கத்துற மாதிரி கீச்செண்டு ஒரு சத்தம் கிடக்கு. பிள்ளையள் ஹெட்போன் போட்டுக் கேக்கிறவை, இது தலையிடி குடுக்கும்."

ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜின் வயரைக் கழற்றினேன். மைக் வயரை மாற்றினேன். சத்தம் போகவில்லை. மென்பொருளால் அழித்துப் பார்த்தேன். கீச்சொலியோடு என் குரலும் தேய்ந்து, தகரத்துக்குள் இருந்து பேசுவதுபோல் ஆனது.

பெட்டி பழுது என்று நினைத்து, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, அதை எனக்கு விற்ற கிளிநொச்சிக் கடைக்கு பஸ்ஸில் போனேன். லாப்டாப்பில் சார்ஜ் நிறைய இருந்ததால் சார்ஜரைக் கொண்டுபோகவில்லை. அங்கே இணைத்துக் கேட்டபோது ஒரு சத்தமும் இல்லை.

"அக்கா, சாமான் நல்லாத்தான் கிடக்கு. உங்கட காதைத்தான் டொக்டருக்குக் காட்டவேணும்" என்றார் கடைக்காரர். நின்றவர்களும் சிரித்தார்கள். எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து சார்ஜரைச் செருகினேன். கீச்! இழுத்தேன். நின்றது. செருகினேன். கீச்! பழையது பழுதானபோது "ஒரிஜினல்" என்று அந்த ஆள்தான் இந்தச் சார்ஜரையும் எனக்குத் தந்தது.

மறுநாள் அதையும் எடுத்துக்கொண்டு போய், அவருடைய மேசையிலேயே செருகினேன்.

"இந்தாங்கோ, உங்கட காதில போடுங்கோ."

ஹெட்போனைப் போட்டவர் முகம் சுருங்கியது. "உங்கட லாப்டாப்பில ஏதோ…"

"அப்ப உங்கட அலுமாரியில கிடக்கிற வேற ஒரு சார்ஜரைத் தாங்கோ."

அதைச் செருகியதும் சத்தம் இல்லை. இன்டர்ஃபேஸ் தன் மின்சாரத்தை யூஎஸ்பி வயர் வழியாக லாப்டாப்பிடமிருந்துதான் எடுக்கிறது. மட்டமான சார்ஜரின் இரைச்சல் அதே வழியால் வந்து மைக்கின் மெல்லிய ஒலியில் கலக்கிறது என்று நான் சொன்னேன்.

"உது கொஞ்சம் மலிவான சாமான்தான் அக்கா."

"பிறகேன் ஒரிஜினல் எண்டு தந்தனீங்கள்? நேற்று என்ர காதையெல்லே பழுது எண்டனீங்கள்?"

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்ல சார்ஜரை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு ஒருவரோடு கதைக்கத் தொடங்கினார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு பாடங்களையும் முதலிலிருந்து வாசித்தேன். அந்தச் சார்ஜரையும் நம்பாமல், பதிவு செய்யும்போது பற்றரியிலேயே ஓடவிட்டேன். ஆசிரியை மறுபடி போன் எடுத்தார்.

"இப்ப சத்தம் ஒண்டும் இல்லை. ஆனா குரல்தான் கொஞ்சம் கோவமாக் கிடக்கு."

"ஓம் ரீச்சர், கிடக்கட்டும். மூண்டாம் முறையும் வாசிக்க என்னால ஏலாது" என்றேன்.