கொஞ்சம் விக்க உடுங்க

பங்கு வாங்கி விற்றுப் பழகலாம் என்று கிளம்பியபோது, எந்த ஆப்பில் கணக்குத் தொடங்குவது என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. ஒன்றில் ஆர்டருக்கு இருபது ரூபாய் தரகு. இன்னொன்றில் தரகே கிடையாது, சார்ட்டும் அத்தனை அழகு. விலை இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் இரண்டிலும் இருந்தது; வரி எதிலும் தப்பாது. “சும்மா கெடைக்கறத உட்டுப்போட்டு எதுக்குங்க காசு குடுக்கோணும்?” என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. “சந்தை விழுந்த அன்னைக்கு சனங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாரு அம்மணி” என்றார்.

இரண்டு ஆப்பின் விமர்சனங்களையும் அந்த நாள்வரை தள்ளிக்கொண்டே போனேன். இருபது ரூபாய் ஆப்பில் வழக்கமான முணுமுணுப்புதான். தரகில்லாத ஆப்பில் ஊரே திட்டித் தீர்த்திருந்தது. நடுவில் ஒருவர் மட்டும் திட்டவில்லை: “ஏனுங்க, காலையில இருந்து ஆப் தொறக்கவே மாட்டேங்குதுங்க. என்ற பங்கக் கொஞ்சம் விக்க உடுங்க.”

யாரோ நம்ம பக்கத்து ஆள். காசு கண்ணெதிரே கரைகிறபோதும் அந்த ‘ங்க’வை விடவில்லை. நானாக இருந்தால் எழுதுகிற எழுத்தில் ஃபோனே கூசியிருக்கும். இருபது ரூபாய் போனால் போகிறது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கம்பெனி அவருக்கு மறுவாரம் பதில் போட்டிருந்தது: “உங்கள் பொறுமைக்கு நன்றி.”